பழுது நீக்கிய 19ஆம் நாள் பிரிண்டரில் அதே கறை: சர்வீஸ் சென்டருக்கு எழுதும் கடிதத்தில் எதைக் கேட்பது?

பத்திரநகல் | 4 மார்ச் 2024, இரவு 9.10

பத்திரப்பதிவு அலுவலகத்தின் அருகில் தட்டச்சு, நகல் எடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது கறுப்பு மை லேசர் பிரிண்டர் ஒன்றுதான். ஜனவரிக் கடைசியில் எல்லாத் தாள்களிலும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் சாம்பல் நிறக் கறை விழத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பிப்ரவரி 9 அன்று 3,150 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். பில்லில் "உதிரிபாகம், சர்வீஸ் கட்டணம்" என்ற இரண்டு வரிகள் மட்டுமே உள்ளன. எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, டெஃப்லான் மாற்றியிருப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்கள்.

பிப்ரவரி 28 அன்று அதே கறை அதே இடத்தில் திரும்ப வந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "அது டிரம் கோளாறு, கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள், எங்கள் வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்றார்கள். பில்லின் பின்புறத்தில், செய்த வேலைக்கு 30 நாள் உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த 30 நாள் மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் கடிதம் அவர்கள் கையில் சேர வேண்டும்.

என் முதல் வரைவு ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் முக்கால் பங்கு, இத்தனை வருட வாடிக்கையாளரை இப்படி நடத்தலாமா என்ற புலம்பல். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். பழுது என்ன என்பதை எப்படி எழுதினால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது என்பதே என் கேள்வி.

மைப்புட்டி | 4 மார்ச் 2024, இரவு 9.42

என் பிரிண்டரிலும் இதே தொல்லை இருந்தது. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து வேலை நின்றுவிட்டது. கணக்கை அழிக்கும் மென்பொருளைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடிதமெல்லாம் தேவையில்லை.

பத்திரநகல் | 4 மார்ச் 2024, இரவு 9.50

உங்களுடையது மைத்தொட்டி வைத்த பிரிண்டர். என்னுடையது லேசர். இதில் கழிவு மைப் பஞ்சே கிடையாது. தவிரவும், கணக்கை அழித்தாலும் பஞ்சு நிறைந்தே இருக்கும். மை மேசையில் வழிவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.

திருகாணி | 5 மார்ச் 2024, காலை 6.30

இருபது வருடம் பிரிண்டர் பழுது பார்த்தவன். இப்போது செய்வதில்லை.

"கறை விழுகிறது" என்று எழுதினால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பிருக்காது. கறைக்கும் கறைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். உள்ளே சுழலும் ஒவ்வோர் உருளையும் தன் சுற்றளவுக்கு ஒரு தடவை தன் குறையைத் தாளில் பதிக்கும். உங்கள் அளவிலான சிறு லேசர்களில் டிரம்மின் விட்டம் பெரும்பாலும் 24 மி.மீ. இருக்கும். அதனால் டிரம்மில் கீறல் இருந்தால் ஏறத்தாழ 75 மி.மீ.க்கு ஒரு முறை கறை வரும். மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரில் சுழலும் டெஃப்லான் உறை அதைவிடச் சிறியது. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இதற்கான அட்டவணை கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அளந்து சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். தாள் பாதி வழியில் இருக்கும்போது முன்கதவைத் திறந்து நிறுத்தி, ஃபியூசருக்குள் இன்னும் போகாத பகுதியைப் பாருங்கள். அங்கே கறை இருந்தால் கார்ட்ரிட்ஜ் பக்கம் பழுது, இல்லையென்றால் ஃபியூசர் பக்கம். அந்தப் பகுதியில் மைத்தூள் ஒட்டாமல் மேலாகத்தான் கிடக்கும், விரல் பட்டால் கலைந்துவிடும். ஃபியூசரில் கை வைக்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

பத்திரநகல் | 5 மார்ச் 2024, பகல் 1.15

கையேட்டில் அட்டவணை இருக்கிறது. டிரம் 75, டெஃப்லான் 57, அதை அடியிலிருந்து அழுத்தும் பிரஷர் ரோலர் 63. நான் அளந்ததில் 60 வந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டிரம் இல்லை என்பது மட்டும் தெளிவாகிறது.

திருகாணி | 5 மார்ச் 2024, பகல் 1.40

இரண்டு கறைகளுக்கு நடுவே மட்டும் அளந்திருப்பீர்கள். கறைக்கே மூன்று, நான்கு மி.மீ. அகலம் இருக்கும்போது 57க்கும் 63க்கும் வித்தியாசம் தெரியாது. முதல் கறையின் மேல் ஓரத்திலிருந்து ஐந்தாம் கறையின் மேல் ஓரம் வரை அளந்து நான்கால் வகுங்கள்.

பத்திரநகல் | 5 மார்ச் 2024, மாலை 7.05

மேலே 60 என்று எழுதியது தவறு. முதல் கறையிலிருந்து ஐந்தாம் கறை வரை 228 மி.மீ. இருக்கிறது. நான்கால் வகுத்தால் சரியாக 57. மூன்று தாள்களில் அளந்தேன், ஒரு மி.மீ. கூட மாறவில்லை. பிரஷர் ரோலராக இருந்திருந்தால் 252 வந்திருக்க வேண்டும். ஒரு இடைவெளியில் 6 மி.மீ. மட்டுமே இருந்த வித்தியாசம், நான்கு இடைவெளிகளில் 24 மி.மீ. ஆகிவிடுகிறது. பள்ளிக்கூட அளவுகோலே போதும்.

பாதியில் நிறுத்தும் சோதனையையும் செய்தேன். ஃபியூசருக்குள் போகாத பகுதி சுத்தமாக இருந்தது. ஆக, கார்ட்ரிட்ஜை மாற்றச் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு. அவர்கள் மாற்றியதாகச் சொன்ன அந்த டெஃப்லானில்தான் குறை இருக்கிறது.

நிழற்படி | 5 மார்ச் 2024, இரவு 8.20

அவசரப்படாதீர்கள். நீங்கள் தூள் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் போடுகிறவரா? தரமில்லாத தூள் சரியாக உருகாமல் டெஃப்லானில் ஒட்டிக்கொண்டு, அதே 57 மி.மீ.யில் தாளில் இறங்கும். என் கடையில் அப்படித்தான் நடந்தது. சர்வீஸ் சென்டர் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் இதுதான்.

பத்திரநகல் | 5 மார்ச் 2024, இரவு 10.30

ஆம், தூள் நிரப்பிய கார்ட்ரிட்ஜைத்தான் போடுகிறேன். நீங்கள் சொன்னதும், பக்கத்துக் கடையில் இதே மாடலுக்கு வாங்கி வைத்திருந்த பிரிக்காத புதுக் கார்ட்ரிட்ஜைக் கடனாக வாங்கிப் போட்டு 20 தாள் ஓட்டினேன். கறை போகவில்லை, மங்கவுமில்லை.

படுக்கப் போகும் முன் இன்னொன்று தோன்றியது. பழைய தூள் முன்பே டெஃப்லானைக் கெடுத்திருந்தால், புதுக் கார்ட்ரிட்ஜ் போட்ட பிறகும் கறை இருக்கத்தானே செய்யும்? ஆகவே இந்தச் சோதனை என்னை முழுவதும் காப்பாற்றவில்லை. கடிதத்தில் இதைச் செய்ததாக மட்டும் எழுதுவேன், இதிலிருந்து எந்த முடிவும் எழுத மாட்டேன்.

திருகாணி | 6 மார்ச் 2024, காலை 6.10

நல்லது. தூள் ஒட்டியிருந்தால், வெற்றுத்தாளாக நாற்பது, ஐம்பது ஓட்டும்போது கறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கிழிசலாக இருந்தால் குறையாது. உறுதியாகத் தெரிய ஃபியூசரைப் பிரிக்க வேண்டும். நீங்கள் பிரிக்காதீர்கள். அவர்கள் ஒட்டிய முத்திரைச் சீட்டு கிழிந்தால், கடிதத்துக்குப் பதிலாக அந்தக் கிழிசலைத்தான் காட்டுவார்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். உங்களுடையது பத்திரக் கடை. பின் குத்திய தாள் எப்போதாவது உள்ளே போயிருக்கிறதா?

பத்திரநகல் | 6 மார்ச் 2024, காலை 9.00

போயிருக்கிறது. நவம்பரில் ஒரு பழைய பத்திரத்தின் பின்பக்கத்தில் அச்சிடப் போட்டபோது, மூலையிலிருந்த பின்னைக் கவனிக்கவில்லை. ஃபியூசரில் சிக்கிக் கையால் இழுத்தெடுத்தேன். இதைக் கடிதத்தில் சொல்ல வேண்டுமா? சொன்னால், "நீங்களே கெடுத்தீர்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

மேலவீதி | 6 மார்ச் 2024, காலை 9.35

சொல்ல வேண்டியதே இல்லை. இன்னொன்று, கடை நடத்துகிறவர் வணிக நோக்கத்தில் வருவதால் நுகர்வோர் ஆணையம் உங்கள் புகாரை ஏற்காது. அதனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டி எழுதாதீர்கள், சிரிப்பார்கள்.

கீழ்க்கோட்டை | 6 மார்ச் 2024, பகல் 12.10

மேலவீதி சொல்வது பாதிதான் சரி. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. அதன் விளக்கத்திலேயே, வாங்கிய பொருளைச் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. ஒருவரே உட்கார்ந்து நடத்தும் தட்டச்சுக் கடைக்கு அந்த விளக்கம் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. பத்து ஆள் வைத்து நடத்தும் அச்சகத்துக்கு அது கடினம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

ஆனாலும் முதல் கடிதத்தில் பிரிவு எண்களை அடுக்காதீர்கள். அவர்கள் பதிலே தராவிட்டால் இரண்டாம் கடிதத்தில் அதற்கு இடம் இருக்கும்.

திருகாணி | 6 மார்ச் 2024, பகல் 12.50

பின் விஷயத்தை மறைக்காதீர்கள். அது உங்களுக்குச் சாதகமாகவும் வரலாம். அந்தப் பின் டெஃப்லானைக் கிழித்தது என்றால், அடியிலிருக்கும் ரப்பர் பிரஷர் ரோலரையும் குத்தியிருக்க வாய்ப்புண்டு. குத்துப்பட்ட ரோலரின் மேல் புது டெஃப்லானைப் போட்டால் அது சில நூறு பக்கங்களில் மறுபடியும் கிழியும். ஃபியூசரைப் பிரித்தவன் ரோலரைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கெடுத்தது நீங்களாகவே இருந்தாலும், காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றிக் காசு வாங்கியது அவர்கள்.

பத்திரநகல் | 6 மார்ச் 2024, இரவு 11.20

இன்று இரவு பழந்தாள் கட்டைப் பிரித்துப் போட்டுத் தேடினேன். வீணான தாள்களின் பின்பக்கத்தைக் கணக்கு எழுதுவதற்காக வைத்துக்கொள்ளும் கஞ்சத்தனம் ஒரு நாள் உதவும் என்று நினைக்கவில்லை. ஜனவரி 30 தேதியிட்ட வரைவுப் பத்திரம் ஒன்று கிடைத்தது. முன்பக்கத்தில் 57 மி.மீ. இடைவெளியில் கறை. தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் மிக மங்கலாக வேறொரு தடம். முதல் தடத்திலிருந்து ஐந்தாம் தடம் வரை 252.

தாளின் பின்பக்கத்தைத் தொடுவது பிரஷர் ரோலர். அப்படியானால், நான் பிரிண்டரைக் கொடுப்பதற்கு முன்பே ரோலரில் குறை இருந்திருக்கிறது. இப்போதைய தாள்களின் பின்பக்கத்தையும் பார்த்தேன். அதே தடம் இருக்கிறது, கொஞ்சம் அழுத்தமாக. இதுவரை நான் தாளைத் திருப்பியே பார்க்கவில்லை.

முன்பு, டெஃப்லானில்தான் குறை என்று உறுதியாக எழுதினேன். டெஃப்லான் கெட்டிருப்பது உண்மைதான். அதைக் கெடுத்தது வேறு ஒன்றாக இருக்கலாம் என்பதை அப்போது யோசிக்கவில்லை. ஆகவே, இலவசமாக டெஃப்லானை மாற்றித் தாருங்கள் என்று கேட்பதே தவறு. அவர்களும் மாற்றித் தருவார்கள், ஏப்ரலில் மறுபடியும் கிழியும், அப்போது 30 நாள் முடிந்திருக்கும். முதலில் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இலவச வேலையை அந்தக் காரணத்தோடு கட்டிப்போட வேண்டும்.

பத்திரநகல் | 7 மார்ச் 2024, பகல் 2.30

காலையில் நேரில் சென்று கொடுத்துவிட்டேன். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியும் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் வாங்கினேன். முகப்பில் இருந்த பெண், மேலாளரைக் கேட்காமல் முத்திரை வைக்க மாட்டேன் என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடிதம் இதுதான்:

> பொருள்: 9.2.2024 அன்று பழுது நீக்கித் தரப்பட்ட லேசர் பிரிண்டரில் அதே பழுது மீண்டும் தோன்றியமை – எழுத்துப்பூர்வமான பழுதறிக்கையும் கட்டணமில்லா மறுவேலையும் கோருதல் தொடர்பாக.
>
> பார்வை: தங்கள் 9.2.2024 நாளிட்ட பில், ரூ.3,150.
>
> ஐயா,
>
> பார்வையில் கண்ட பில்லின்படி தாங்கள் பழுது நீக்கித் தந்த பிரிண்டரில், 28.2.2024 அன்று, அதாவது 19ஆம் நாளில், அதே பழுது மீண்டும் தோன்றியுள்ளது. பிரிண்டரைத் திரும்பப் பெற்ற நாளில் எடுத்த கான்ஃபிகரேஷன் பக்கத்தில் மொத்தப் பக்க எண்ணிக்கை 41,318 என்றும், பழுது தோன்றிய நாளில் 42,004 என்றும் உள்ளன. இடையில் அச்சானவை 686 பக்கங்கள்.
>
> தாளின் முன்பக்கத்தில் 57 மி.மீ. இடைவெளியிலும் பின்பக்கத்தில் 63 மி.மீ. இடைவெளியிலும் தடங்கள் விழுகின்றன. தாளைப் பாதியில் நிறுத்திப் பார்த்தபோது, ஃபியூசருக்குள் செல்லாத பகுதியில் கறை இல்லை. புதிய கார்ட்ரிட்ஜிலும் கறை மாறவில்லை. தங்களிடம் கொடுப்பதற்கு முன் 30.1.2024 அன்று அச்சான தாளிலும் இதே இரண்டு தடங்களும் உள்ளன. மாதிரித் தாள்களை இணைத்துள்ளேன். நவம்பரில் பின் குத்திய தாள் ஒன்று ஃபியூசரில் சிக்கியது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> ஆகவே பிரிண்டரைத் தங்கள் ஆய்வுக்கு ஒப்படைக்கிறேன். 9.2.2024 அன்று மாற்றப்பட்ட பாகம் எது, அது நிறுவனத்தின் அசல் பாகமா மாற்றுப் பாகமா, இப்போது பழுதடைந்துள்ள பாகம் எது, அது பழுதடைந்த காரணம் என்ன, அக்காரணம் 9.2.2024 அன்றே இருந்ததா ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பில்லில் கண்ட 30 நாள் உத்தரவாதத்துக்குள் இக்கடிதம் தரப்படுவதால், முன்னர் செய்த வேலையைக் கட்டணமின்றி மீண்டும் செய்து தர வேண்டும். வேறு பாகம் எதற்கும் கட்டணம் உண்டெனில், என் எழுத்துப்பூர்வ இசைவு பெறாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். கழற்றும் பாகங்களை என்னிடம் திருப்பித் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்ற வரியை வரைவில் சேர்த்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். வேலையையும் செய், பணத்தையும் கொடு என்று ஒரே மூச்சில் கேட்டால், இரண்டில் எதை மறுப்பது என்ற வசதி அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

நிழற்படி | 7 மார்ச் 2024, மாலை 5.45

கடிதம் நன்றாக வந்திருக்கிறது. "காரணம் 9.2.2024 அன்றே இருந்ததா" என்பது தூண்டில் மாதிரி இருக்கிறது. ஆமென்றாலும் மாட்டுவார்கள், இல்லையென்றாலும் அந்த ஜனவரித் தாள் இருக்கிறது. ஆனால் அசல் மாதிரித் தாளைக் கொடுத்துவிட்டீர்களா, நகலா?

பத்திரநகல் | 7 மார்ச் 2024, மாலை 6.00

ஜனவரித் தாளின் அசல் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அளவுகோலோடு படமெடுத்து, அந்தப் படங்களைத்தான் இணைத்தேன். பக்கத்துக் கடையில்தான் அச்சிட வேண்டியிருந்தது.

பத்திரநகல் | 12 மார்ச் 2024, பகல் 11.30

தொலைபேசி வந்தது. இலவசமாகச் செய்து தருகிறோம், எழுத்தில் எதுவும் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். ஜாப் கார்டில் ஆய்வு முடிவை எழுதும் கட்டம் ஒன்று அச்சிட்டிருக்கிறதே, அதை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

திருகாணி | 12 மார்ச் 2024, பகல் 12.05

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். தனிக் கடிதம் என்றால் வக்கீல் வேலை என்று பயப்படுவார்கள். ஜாப் கார்டு என்றால் தொழில்நுட்ப ஆள் தானே எழுதிவிடுவான்.

பத்திரநகல் | 16 மார்ச் 2024, இரவு 8.15

நேற்று பிரிண்டர் வந்தது. ஜாப் கார்டில் ஒன்றரை வரி: டெஃப்லான் கிழிந்துள்ளது, பிரஷர் ரோலரில் வெட்டு, இரண்டும் மாற்றப்பட வேண்டும். முன்பு போட்டது மாற்றுப் பாகம் என்றும் குறித்திருக்கிறார்கள். காரணம் 9ஆம் தேதியே இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. டெஃப்லானுக்கும் கூலிக்கும் கட்டணம் இல்லை. ரோலருக்கு 1,100 ரூபாய் கேட்டார்கள். அது புதிய பாகம், முதல் வேலையில் சேராது என்பது அவர்கள் வாதம்.

ஒரு வாரம் கடை பாதி வேலையில் ஓடியது. "என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று பில்லின் படியில் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டினேன்.

மேலவீதி | 16 மார்ச் 2024, இரவு 8.40

கட்டியது தவறு. அப்படி ஒரு வரி எழுதினால் போதுமா?

கீழ்க்கோட்டை | 16 மார்ச் 2024, இரவு 9.30

எழுதாமல் கட்டுவதைவிட நல்லது. ஆனால் ரோலர் விஷயத்தில் அவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. பிப்ரவரியிலேயே ரோலரை மாற்றியிருந்தால், அந்த 1,100 ரூபாயை அப்போது நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள். உங்கள் உண்மையான நஷ்டம், வேலை நின்ற நாட்களும், கிழிந்துபோன ஒரு டெஃப்லானும். டெஃப்லானைத் தந்துவிட்டார்கள்.

திருகாணி | 17 மார்ச் 2024, காலை 6.20

எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்துப் பார்த்தவன் சொல்லாமல் விட்டதற்கு விலை இல்லையா? ஒரே தடவையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. போகட்டும், கழற்றிய ரோலரைத் தந்தார்களா?

பத்திரநகல் | 17 மார்ச் 2024, பகல் 1.00

தந்தார்கள். ரப்பரில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு, அதன் ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றன. ஒரு மாதத்துக்குள் விழுந்த வெட்டு இப்படி வழவழப்பாகாது என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது. கீழ்க்கோட்டை சொன்ன கணக்கையும் யோசித்தேன். 1,100 ரூபாயைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. ஆனால் பதில் வராத அந்தக் கேள்வியை மட்டும் ஒரே பத்தியில் இன்னொரு கடிதமாக எழுதி நாளை கொடுப்பேன். புதிய ரோலருக்கும் டெஃப்லானுக்கும் 15ஆம் தேதியிலிருந்து 30 நாள் உத்தரவாதம் உண்டென்று எழுதித் தரவும் கேட்பேன்.

பத்திரநகல் | 13 ஏப்ரல் 2024, இரவு 9.00

இரண்டாம் கடிதத்துக்குப் பதில் இல்லை. உத்தரவாதத்தை மட்டும் பில்லில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நாளையோடு அதுவும் முடிகிறது. இன்று எண்ணிக்கை 43,190. தாளின் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது. இன்றைய கான்ஃபிகரேஷன் பக்கத்தைத் தேதியிட்டு அந்த ஜனவரித் தாளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், பின் குத்தாமல்.